முந்தினவருக்கே பத்து நிமிடமா?

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சுற்றறிக்கையில் அச்சிட்டுவிடுவது எளிது. அந்தப் பத்து நிமிடம் யாருக்கு எப்போது என்று பிரித்துக் கொடுக்கும் இடத்தில்தான் பள்ளிகள் சறுக்குகின்றன. நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் இதற்கு மூன்று வழிகள் புழங்குகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் போட்டு, முந்துகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. வருகைப்பதிவேட்டின் வரிசை எண்படி பள்ளியே நேரம் குறித்துவிடுவது இன்னொன்று. விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு குலுக்கலில் முடிவு செய்வது மூன்றாவது, இது அபூர்வம். மூன்றில் எது நியாயம் என்பதுதான் கேள்வி. அதற்குமுன் ஒரு கணக்கு பார்க்கவேண்டும். பிரிக்கப் போதுமான நேரமே கையில் இல்லாதபோது, எந்த முறையில் பிரித்தாலும் சண்டைதான்.

எட்டாம் வகுப்பு, ஒரு பிரிவு, 36 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். பள்ளிகள் வழக்கமாக ஒதுக்குவது சனிக்கிழமை காலை 9 முதல் 1 வரை. மூச்சு விடாமல் பார்த்தாலும் அதில் 24 பேருக்குத்தான் இடம். மீதிப் பன்னிரண்டு பேரும் நடுவில் நுழைந்து, நின்றுகொண்டே பேசி, ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அட்டவணை பதினோரு மணிக்கே செத்துவிடுகிறது. பிறகு அங்கே நடப்பது வெறும் வரிசை.

பாட ஆசிரியர்களுக்கும் இதே பத்து நிமிடத்தை நீட்டுவது இன்னும் பெரிய அபத்தம். கணக்கு ஆசிரியர் ஒருவர் ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுத்தால் அவர் கையில் 180 பிள்ளைகள், 1800 நிமிடம், முப்பது மணி நேரம். ஒரு நாளில் நடக்கக்கூடிய காரியமே இல்லை. ஆகவே பத்து நிமிடச் சந்திப்பு வகுப்பாசிரியருக்கு மட்டும். பாட ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். பத்து நிமிடத்தில் தீராத விஷயம் இருக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களின் பெற்றோரை இந்த வரிசையில் உட்கார வைக்கவே கூடாது. அவர்களுக்கு வேறொரு நாளில் அரை மணி நேரம் கொடுப்பதே மரியாதை.

அடுத்தது, பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று அடுக்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து போவார் என்ற நம்பிக்கை. ஐந்து சந்திப்புகள் முறையே 7, 13, 9, 14, 7 நிமிடம் பிடித்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சரியாக 50. சராசரி பத்து. கணக்குப்படி தாமதமே இருக்கக்கூடாது. ஆனால் நடப்பது வேறு. முதல் அம்மா 9:07-க்கு எழுந்துவிட்டார். அடுத்தவர் 9:10-க்குத்தான் வருவார் என்பதால் மிச்சமான மூன்று நிமிடம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. இரண்டாமவர் 9:23 வரை பேசுகிறார். 9:20-க்கு வந்தவர் காத்திருந்து 9:32-க்கு எழுகிறார். நான்காமவர் 9:46-க்கு. ஐந்தாமவர் ஏழே நிமிடத்தில் முடித்தும் மணி 9:53. சீக்கிரம் முடிந்த நேரம் வீணாகிறது, நீண்ட நேரம் மட்டும் அடுத்தவர் தலையில் ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் நடுவில் ஓய்வே இல்லாமல் ஓடினால் மதியத்துக்குள் அது கால் மணி, இருபது நிமிடம் என்று வளர்ந்து நிற்கலாம்.

இதற்கு மருந்து எளிது: மணிக்கு ஐந்தே சந்திப்பு. 9:00, 9:10, 9:20, 9:30, 9:40. பிறகு 9:50 முதல் 10 வரை யாருக்கும் கிடையாது. மேலே சொன்ன அதே ஐந்து பேர் வந்தால் ஆசிரியர் 9:53-க்கு ஓய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பத்து மணிக்காரரைப் பத்து மணிக்கே கூப்பிடுவார். தாமதம் ஒரு மணி நேரத்திலிருந்து அடுத்த மணி நேரத்துக்குத் தாண்டாது. அட்டவணையில் வெறும் கட்டம் கண்ணில் பட்டால் நிர்வாகத்துக்குக் கை அரிக்கும்; தாமதமாக வந்த ஒருவரை அதில் உட்கார வைக்கத் தோன்றும். அனுமதிக்கவே கூடாது. அந்தக் கட்டம் நிரம்பினால் அது இல்லாததற்குச் சமம். தாமதமாக வருபவர்களுக்கென்று சனிக்கிழமைக் கடைசியில் இரண்டு இடத்தைத் தனியே பிடித்துவைக்கலாம்.

ஆக நம் எட்டாம் வகுப்புக்கு எட்டு மணி நேரம் வேண்டும். வெள்ளி மாலை 5 முதல் 7 வரை, சனி காலை 9 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 4 வரை. மணிக்கு ஐந்து வீதம் 40 இடம். பிள்ளைகள் 36, தாமதக்காரர்களுக்கு 2, உபரி 2. இப்போதுதான் பிரித்துக் கொடுப்பது பற்றிப் பேச நமக்கு யோக்கியதை வருகிறது.

முந்துபவருக்கே என்ற முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள்: அக்கறை இருப்பவர் முந்துவார், எல்லாருக்கும் ஒரே லிங்க், பாரபட்சம் இல்லை. தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்த வாதத்தின் லட்சணம் தெரியும். ஏசிக்குக் காலை பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று என்று கதவு எல்லாருக்கும் ஒரே நொடியில்தான் திறக்கிறது. உள்ளே போகிறவர்கள் அந்த நொடியில் வேறு வேலை இல்லாதவர்கள். இரவு எட்டு மணிக்கு லிங்க் வந்தால், மில்லில் இரண்டாம் ஷிஃப்டில் இருக்கும் அப்பாவுக்கு அது பத்தரைக்குத்தான் தெரியும். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் இருந்து அதையும் கணவர் வேலைக்கு எடுத்துப்போய்விட்டால் அந்த அம்மாவுக்கு மறுநாள்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் பல இந்த வகை. எந்த நேரத்திலும் வரமுடிகிறவர் வசதியான நேரத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரே ஒரு நேரத்தில் மட்டும் வரமுடிகிறவருக்கு அவர் வரவே முடியாத நேரம் மிஞ்சுகிறது. இந்த முறையில் அளக்கப்படுவது அக்கறை இல்லை, ஓய்வு.

கருவியிலும் கோளாறு உண்டு. சாதாரண கூகுள் ஃபார்மில் ஒருவர் 9:10-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது தானாக மறைந்துவிடாது. அடுத்தவரும் அதையே தேர்ந்தெடுக்கலாம். அதற்குத் தனியே ஒரு துணைநிரலைச் சேர்க்க வேண்டும். எல்லாரும் திருத்தக்கூடிய கூகுள் ஷீட் இன்னும் மோசம். ஒரு பெயரை அழித்து மேலே இன்னொரு பெயரை எழுதிவிட முடியும். பழைய பதிப்பைத் தோண்டி யார் அழித்தது என்று பார்க்கலாம்தான். ஆனால் லாகின் செய்யாமல் திருத்தியிருந்தால் அங்கே பெயர் இருக்காது. கடைசியில் வகுப்பாசிரியர் உட்கார்ந்து பஞ்சாயத்து பேச வேண்டும்.

வரிசை எண் முறையை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. யாரும் யாரோடும் முந்தவேண்டியதில்லை, சிபாரிசு செல்லாது, அலுவலகத்தில் ஒருவரே பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். குறை என்னவென்றால் வரிசை எண் பெரும்பாலும் ஆங்கில அகர வரிசை. ஆதித்யாவின் அம்மா எல்லாச் சந்திப்பிலும் ஒன்பது மணிக்கு, யாழினியின் அப்பா எல்லாச் சந்திப்பிலும் கடைசியில். பருவத்துக்குப் பருவம் வரிசையைச் சுழற்றினால் இந்தக் குறை தீர்ந்துவிடும். தீராதது இன்னொன்று: யாரால் எப்போது வரமுடியும் என்று இந்த முறை கேட்பதே இல்லை. அதனால் குறித்த நேரத்துக்கு வராதவர்கள் கூடுவார்கள். வந்தவர்கள் வராண்டாவிலேயே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆசிரியர் கையிலிருக்கும் பட்டியலுக்கும் வாசலில் நிற்பவருக்கும் சம்பந்தம் இருக்காது. பதினைந்து பிள்ளைகள் உள்ள சிறு வகுப்பென்றால் சுழற்சியோடு கூடிய வரிசை எண்ணே போதும் என்று நானே சொல்வேன். அங்கே குலுக்கல் வீண் ஆடம்பரம். 36 என்றால் போதாது.

மூன்றாவது முறையில் விருப்பத்தைக் கேட்கவேண்டும். எதைக் கேட்பது என்பதில் முதல் தவறு நடக்கிறது. நாற்பது நேரங்களை அச்சடித்து வரிசைப்படுத்தச் சொன்னால் யாரும் நிரப்பமாட்டார்கள். 9:10-க்கும் 9:20-க்கும் இடையே எந்தப் பெற்றோருக்கும் வித்தியாசம் இல்லை. காலையா மதியமா, ஒன்பது மணியா பன்னிரண்டு மணியா என்பதுதான் அவர்களுக்கு விஷயம். ஆகவே எட்டு மணி நேரங்களை மட்டும் எட்டுக் கட்டமாக அச்சடித்து, முதல் மூன்று விருப்பத்துக்கு 1, 2, 3 என்று எண் போடச் சொன்னால் போதும். கீழே ஒரே ஒரு கூடுதல் கட்டம்: ‘சனிக்கிழமை வரவே இயலாது’. டைரியில் ஒட்டி அனுப்பக்கூடிய கால்பக்கச் சீட்டு. திங்கள் கொடுத்து வியாழன் வாங்கலாம். மூன்று நாளில் எப்போது நிரப்பினாலும் ஒரே மதிப்பு என்பதைச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். திரும்பி வராத சீட்டுகளுக்கு ஆசிரியர் போன் போட்டுக் கேட்டு நிரப்பவேண்டும். இரண்டு மூன்று அழைப்புதான் இருக்கும்.

சீட்டுகள் வந்தபிறகு இரண்டாவது தவறு காத்திருக்கிறது. இது நல்லெண்ணத்தில் நடப்பது என்பதால் கண்ணில் படாது. முதலில் எல்லாருடைய முதல் விருப்பத்தையும் பார்ப்போம், இடம் போதாவிட்டால் குலுக்குவோம், பிறகு மிச்சத்துக்கு இரண்டாம் விருப்பத்தைப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றும். எடுத்துக்காட்டாக, முன்கூட்டியே இடம் குறித்துவிட்ட சிலர் போக குலுக்கலுக்கு 28 பேர் இருக்கிறார்கள், அதில் 14 பேர் சனி 9 மணியை முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறார்கள், 7 பேர் 10 மணியை. ஒன்பது மணிக்கு ஐந்து இடம். ஐந்து பேர் போக ஒன்பது பேர் வெளியே. அவர்கள் இரண்டாவதாகப் போட்டிருப்பது பத்து மணி. ஆனால் அந்த ஐந்து இடமும் முதல் சுற்றிலேயே, அதை முதல் விருப்பமாகப் போட்டவர்களால் நிறைந்துவிட்டது. உண்மையை எழுதியவர் மூன்றாவது விருப்பத்துக்குத் தள்ளப்படுகிறார். ஒன்பது மணி வேண்டுமென்றாலும் பத்து மணியையே முதலில் போட்டிருந்தால் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கலாம். அடுத்த பருவத்தில் எல்லாரும் இந்தச் சூட்சுமத்தைப் படித்துவிடுவார்கள். அப்புறம் சீட்டில் வருவது விருப்பம் அல்ல, ஊகம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் மாணவர் சேர்க்கையில் ஏறக்குறைய இதே முறையைத்தான் வைத்திருந்தன. அங்கே பெற்றோர் குழு ஒன்று கூடிப் பேசி, எந்தப் பள்ளியை முதலில் எழுதக்கூடாது என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொண்டது. அந்தப் பேச்சில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் நட்டப்பட்டார்கள். 2003-ல் அப்துல்காதிரோலு, சோன்மேஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தக் குறையைக் கட்டுரையாக எழுதினார்கள். 2005-ல் பாஸ்டன் பள்ளிக் குழு அந்த முறையைக் கைவிட்டது. பத்து நிமிடச் சந்திப்பு ஒரு பள்ளி இடத்துக்கு ஈடாகாதுதான். ஆனாலும் விதியின் ஓட்டை ஒன்றே.

ஓட்டையை அடைக்கப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். குலுக்க வேண்டியது நேரத்தை அல்ல, ஆளை. 36 எண்களையும் குலுக்கி ஒரு வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணுக்குரிய சீட்டைப் பிரித்து, அவருடைய விருப்பங்களில் இடம் இருக்கும் முதலாவதைக் கொடுங்கள். பிறகு இரண்டாவது எண். ஒருவர் முறை வரும்போது ஒன்பது மணி நிறைந்திருந்தால் அங்கேயே அவருடைய இரண்டாவது விருப்பம் பார்க்கப்படும். அவருக்குப் பின்னால் எண் விழுந்த யாரும் அதை அதற்குள் எடுத்திருக்க முடியாது. விருப்ப வரிசையை மாற்றிப் பொய் எழுதி எதையும் பெற முடியாது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கலந்தாய்வு நேரில் நடந்த நாள்களில், தரவரிசைப்படி ஒவ்வொருவராகப் போய் இருப்பதில் பிடித்ததை எடுத்தார்களே, அதே ஏற்பாடு. 2018 முதல் அது ஆன்லைனுக்குப் போய்விட்டது. மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் ஒத்துப்போனால் அங்கேயும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது ரேண்டம் எண்தான். இங்கே மதிப்பெண்ணே கிடையாது என்பதால் ரேண்டம் எண்ணிலிருந்தே தொடங்குகிறோம்.

குலுக்கலுக்கு முன்பாக இரு வகையினரை உட்கார வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை வரவே இயலாதவர்களுக்கு வெள்ளி மாலை. பொய்யாக இந்தக் கட்டத்தை நிரப்புவார்களே என்றால், நிரப்பினால் வெள்ளி மாலைதான் கிடைக்கும். அலுவலகமோ கடையோ விட்டு ஓடிவந்து ஐந்து மணிக்கு நிற்கிற அந்த நேரத்துக்குப் பொய் சொல்லும் ஆசை அதிகம் பேருக்கு வராது. இதே சலுகையைச் சனி ஒன்பது மணிக்கு நீட்டினால் பாதி வகுப்புக்கு ‘வேறு நேரம் இயலாது’ ஆகிவிடும். எனவே நாளுக்கு மட்டும் விலக்கு, மணிக்கு இல்லை. இரண்டாவது வகை, அதே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள். மேல் வகுப்பின் குலுக்கலை முதலில் முடித்து, அக்காவுக்கு 10:10 விழுந்தால் தம்பியின் வகுப்பில் 10:30-ஐக் குறித்துவிடலாம். நடுவில் மாடி ஏறி இறங்க நேரம் இருக்கும். தம்பி வகுப்பில் அவர்களுக்கு முன்னுரிமை கிடைப்பதாக மற்றவர்கள் முணுமுணுக்கலாம். ஆனால் அங்கே அவர்களுக்கு இடம்தான் உண்டு, தேர்வு கிடையாது. இதை அலுவலகமே செய்யவேண்டும். வகுப்பாசிரியர்கள் தனித்தனியே செய்தால் ஒரே அம்மாவுக்கு இரண்டு மாடியிலும் 10:10 விழும்.

குலுக்கலைக் கணினியில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஜாக்கிரதையாக. ஷீட்டில் `=RAND()` போட்டு வரிசைப்படுத்துகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: ஒவ்வொரு முறை எதையாவது திருத்தும்போதும் அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எந்த எண்ணில் வரிசை போட்டோம் என்பதை யாராலும் பிறகு காட்ட முடியாது. வெறும் மதிப்புகளாக ஒட்டிவிட்டு அப்புறம் வரிசைப்படுத்தினால் இது தீரும். ஆனாலும் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: பிடித்த வரிசை வரும்வரை எத்தனை தடவை தட்டினீர்கள்? அந்தக் கேள்விக்கு ஷீட்டில் பதில் இல்லை. 36 துண்டுக் காகிதத்தில் எண் எழுதி, வகுப்பிலேயே பிள்ளைகளை எடுக்கச் சொல்லி, கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனால் அது ஒரே தடவைதான். சாயங்காலம் 36 வீட்டுக்கும் செய்தி போய்விடும், சுற்றறிக்கையே வேண்டாம்.

இந்த முறையின் மேல் எனக்கிருக்கும் ஒரே கடுமையான குறை, வரிசையின் வாலில் விழுந்தவர் பாடு. 34, 35, 36 எண் விழுந்தவர்களுக்குக் கேட்ட மூன்றும் கிடைக்காமல் வெள்ளி மாலை விழலாம். குலுக்கல் நேர்மையானது என்ற சமாதானம் அன்றைக்கு அவர்களுக்கு உதவாது. இதை முழுக்கத் தீர்க்க முடியாது. மீண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரே குலுக்கல். முதல் பருவத்தில் 1-லிருந்து 36 வரை. இரண்டாம் பருவத்தில் 25-லிருந்து தொடங்கி 36 முடித்து, பிறகு 1 முதல் 24. மூன்றாம் பருவத்தில் 13-லிருந்து தொடங்கி 36 வரை போய், 1 முதல் 12-ல் முடிப்பது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஒவ்வொருவரும் ஆண்டில் ஒருமுறை முன்னால், ஒருமுறை நடுவில், ஒருமுறை பின்னால். பட்டியல் வெளியான பிறகு இரண்டு பெற்றோர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விரும்பினால், இருவரும் முதல்நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கலாம். அன்றைக்கு வராண்டாவில் மாற்றம் கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு குலுக்கல் வரிசைக்கும் மணிக்கட்ட விருப்பத்துக்கும்தான். சுழற்சி இல்லையென்றால் அந்தத் தீர்ப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். முந்துபவருக்கே என்ற முறையை எந்த அளவு வகுப்புக்கும் ஏற்கமாட்டேன். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரை முறையாகச் சந்தித்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே 24-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை அது பொருந்தும். சட்டம் கடமையாக்கிய ஒன்றை விரல் வேகத்துக்குப் பரிசாகக் கொடுக்கக்கூடாது.

வேலை செய்ததா என்று பார்க்க ஆசிரியர் ஒன்று செய்தால் போதும்: ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பேச்சு உண்மையில் தொடங்கிய நேரத்தைக் குறித்துவைப்பது. 9:40, 10:40, 11:40 என்று மணியின் கடைசிச் சந்திப்புகள் எத்தனை நிமிடம் தள்ளின என்று பாருங்கள். பத்தைத் தாண்டினால் அந்த வகுப்புக்கு மணிக்கு ஐந்து அதிகம், நான்கு போதும். வராதவர்கள் ஒரே மணியில் குவிந்திருந்தால் அந்த மணி நேரத்தை அடுத்த பருவம் நகர்த்திவிடுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த எட்டு மணி நேரமும் வகுப்பாசிரியரின் வெள்ளி மாலையிலிருந்தும் சனிக்கிழமையிலிருந்தும் எடுக்கப்படுவது. அதற்கான ஈடுசெய் விடுப்பு எந்தத் தேதி என்பதைச் சந்திப்பின் தேதியோடு சேர்த்து அதே சுற்றறிக்கையில் அச்சிடுங்கள்.